பஸ்ஸின் விளிம்பு கரையாமல் மோஷன் ப்ளர்: ஒரு செய்முறைப் பதிவு

நானே எழுதிவரும் ஓபன்ஜிஎல் ரெண்டரரில் மோஷன் ப்ளர் ஒருவழியாக நான் நினைத்தபடி வந்துவிட்டது. பொருள் ஓடினாலும் கேமரா திரும்பினாலும் ப்ளர் சரியான இடத்தில் சரியான அளவில் விழுகிறது. ஓடும் பொருளின் விளிம்பைச் சுற்றி வரும் அந்த அசிங்கமான ஒளிவட்டம் போய்விட்டது. காட்சியை ஒரே ஒரு முறை வரைந்து, கிடைத்த படத்தின்மேல் கடைசியில் போடும் ப்ளர் இது. இதில் எங்கே சிக்கல் வருகிறது, எந்த எண்ணைப் பார்த்தால் அது பிடிபடும் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

சோதனைக் காட்சி சின்னதுதான். 12 மீட்டர் தூரத்தில் ஒரு செங்கல் சுவர். 8 மீட்டரில் குறுக்கே ஓடும் ஒரு சிவப்பு பஸ். 5 மீட்டரில் அசையாத ஒரு விளக்குக் கம்பம். திரை 1920×1080, நொடிக்கு 60 ஃப்ரேம். பஸ் திரையை 0.4 நொடியில் கடக்கிறது, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு 80 பிக்சல். சினிமா கேமராவின் வழக்கப்படி ஷட்டர் 180 டிகிரி என்று வைத்தால், ஃப்ரேமின் பாதி நேரம் மட்டுமே ஒளி பதிகிறது. அந்த நேரத்தில் பஸ் 40 பிக்சல் நகர்கிறது: இப்போது நிற்கும் இடத்திலிருந்து முன்னால் 20, பின்னால் 20. இந்த 20-ஐ அரைவீச்சு என்று சொல்லிக்கொள்கிறேன். கீழே வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

ஷேடரைத் தொடும் முன் செய்த ஒரு வேலை பிறகு பெரிய உதவியாக இருந்தது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 64 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் காட்சியை முழுதாக வரைந்து, 64 படங்களையும் சராசரி எடுத்து ஒரு படமாகச் சேமித்தேன். இதை ஓடும்போது செய்ய முடியாது, அவ்வளவு மெதுவாக இருக்கும். ஆனால் சரியான விடை எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. அது இல்லாவிட்டால் 'பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது' என்ற இடத்தில் வேலை நின்றுவிடும்.

வேகத்தை எழுதி வைப்பது

ஒவ்வொரு பிக்சலும் திரையில் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று ஒரு வெலாசிட்டி பஃபரில் இருக்க வேண்டும். `RG16F` வடிவம் போதும். 1080 வரித் திரைக்கு அது சுமார் 8.3 மெகாபைட். ஓடும் பொருள்களுக்கு, போன ஃப்ரேமின் மாடல் மேட்ரிக்ஸையும் போன ஃப்ரேமின் கேமரா மேட்ரிக்ஸையும் சேர்த்துப் பழைய இடத்தைக் கணக்கிட வேண்டும். எலும்புக்கூடு வைத்து அசையும் உருவமானால் போன ஃப்ரேமின் எலும்பு மேட்ரிக்ஸ்களையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

```glsl
vec2 cur  = curClip.xy  / curClip.w;
vec2 prev = prevClip.xy / prevClip.w;
vec2 v = (cur - prev) * 0.5 * resolution; // ஒரு ஃப்ரேமில் பிக்சல்
v *= 0.5 * shutter;                       // அரைவீச்சு; shutter = 0.5
v *= min(1.0, 40.0 / max(length(v), 1e-4));
```

`w`-ஆல் வகுப்பதை ஃப்ராக்மென்ட் ஷேடரில்தான் செய்ய வேண்டும். வெர்டெக்ஸ் ஷேடரிலேயே வகுத்து வித்தியாசத்தை அனுப்பினால், கேமராவுக்கு அருகில் வரும் பெரிய முக்கோணங்களில் வேகம் வளைந்து வரும். சாலையில் போட்ட ஒரே ஒரு பெரிய சதுரத்தில் இது பளிச்சென்று தெரியும்.

அசையாத பொருள்களுக்குத் தனியாக வேகம் எழுதத் தேவையில்லை. பஃபரை 10000 என்ற எண்ணால் அழித்து வைக்கிறேன். ஒரு பிக்சலில் அந்த எண்ணே இருந்தால் ஓடும் பொருள் எதுவும் அங்கே எழுதவில்லை என்று பொருள். அங்கே டெப்த்திலிருந்து இடத்தைக் கண்டுபிடித்துப் பழைய கேமராவில் வைத்துப் பார்த்தால், கேமராவால் வந்த வேகம் கிடைக்கும். வானத்துக்கும் இதே வழிதான், டெப்த்தை 1 என்று வைத்தால் போதும். இதற்கு வேண்டிய `prevViewProj * inverse(viewProj)` பெருக்கத்தை சிபியுவில் டபுள் துல்லியத்தில் செய்து, ஒரே மேட்ரிக்ஸாக அனுப்புவது நல்லது. ஷேடரில் இரண்டாகப் பெருக்கினால், கேமரா அசையாமல் நிற்கும்போதே தூரத்துச் சுவரில் அரை பிக்சல் நடுக்கம் வரும்.

வெலாசிட்டி பஃபரையும் டெப்த்தையும் எங்கே படித்தாலும் `texelFetch` கொண்டுதான் படிக்க வேண்டும். பைலீனியர் சாம்ப்ளிங் போட்டால் பஸ் விளிம்பில் 20-க்கும் 0-க்கும் நடுவே 10 என்று ஒரு வேகம் பிறக்கும். 8 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் நடுவே 10 மீட்டர் என்று ஒரு தூரமும் பிறக்கும். அந்த வேகத்தில் ஓடும் பொருளும் இல்லை, அந்தத் தூரத்தில் நிற்கும் பொருளும் இல்லை.

எளிய வழி ஏன் போதாது

முதலில் எல்லாரும் செய்வதையே செய்தேன்: ஒவ்வொரு பிக்சலும் தன் வேகத்தின் வழியே 16 இடங்களில் நிறத்தை எடுத்துச் சராசரி போடுவது. கேமரா மட்டும் திரும்பும்போது இது அருமையாக இருந்தது. பஸ் வந்ததும் இரண்டு கோளாறு தெரிந்தது.

ஒன்று, பஸ்ஸின் உள்ளே ஜன்னலும் எழுத்தும் கரைந்தன, ஆனால் பஸ்ஸின் புற விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் அப்படியே நின்றது. சுவரின் பிக்சலுக்கு வேகம் 0. அதனால் அது தன்னைத்தவிர வேறு எங்கும் பார்ப்பதில்லை, பக்கத்தில் ஒரு பஸ் ஓடுவது அதற்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். கேமரா பஸ்ஸைத் தொடர்ந்து போகும்போது பஸ் திரையில் நிற்கிறது, சுவர் ஓடுகிறது. இப்போது சுவரின் பிக்சல் தன் வேகத்தின் வழியே பார்க்கையில் பஸ்ஸின் சிவப்பையும் அள்ளி வந்துவிடுகிறது. கூர்மையாக நிற்கும் பஸ்ஸைச் சுற்றி 20 பிக்சல் அகலத்துக்குச் செந்நிறப் பூச்சு. விளிம்பு கரைகிறது என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

முதல் கோளாறு தீர, சுவரின் பிக்சலுக்கு அக்கம்பக்கத்தில் வேகமாக ஓடுவது எது என்று தெரிய வேண்டும். மோர்கன் மெக்கைரும் உடன் எழுதியவர்களும் 2012-இல் வெளியிட்ட முறை இதற்குத்தான். திரையைச் சதுர டைல்களாகப் பிரித்து, ஒவ்வொரு டைலிலும் மிக நீளமான வேக வெக்டரை எடுத்து வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு டைலும் தன்னைச் சுற்றியுள்ள எட்டு டைல்களையும் பார்த்து, எல்லாவற்றிலும் பெரியதைத் தனதாக்கிக்கொள்கிறது. டைலின் அகலமும் அரைவீச்சின் உச்சவரம்பும் ஒன்றாக இருந்தால், எந்தப் பொருளின் கரைசலும் பக்கத்து டைலைத் தாண்டிப் போகாது. நான் 40 எடுத்தேன். 1920×1080 திரை அதில் சரியாக 48×27 டைலாகப் பிரிகிறது, 1280×720-ம் மிச்சமில்லாமல் பிரிகிறது. மேலே உள்ள குறியீட்டில் 40.0 என்று வந்தது இதனால்தான். டைலில் எழுத வேண்டியது வெக்டரை. நீளத்தை மட்டும் எழுதினால் திசை போய்விடும். x-க்குத் தனியாகவும் y-க்குத் தனியாகவும் பெரியதை எடுத்தால் யாரும் போகாத திசை ஒன்று கிடைக்கும்.

இப்போது பஸ்ஸை ஒட்டியிருக்கும் சுவர்ப் பிக்சலும் பஸ்ஸின் திசையில் 20 பிக்சல் தூரம் இருபுறமும் பார்க்கிறது. பார்க்கும் ஒவ்வொரு நிறத்தையும் ஏற்பதா வேண்டாமா என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன. அங்கே இருப்பது எனக்கு முன்னால் இருக்கிறதா? அப்படியானால் அதன் வேகம் என்னை எட்டுமா என்று பார். அது எனக்குப் பின்னால் இருக்கிறதா? அப்படியானால் என் வேகம் அங்கே எட்டுமா என்று பார். நான் அவ்வளவு தூரம் நகர்பவன் என்றால், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் கொஞ்சம் நான் விலகி நின்றிருப்பேன், பின்னால் இருப்பது தெரிந்திருக்கும். செந்நிறப் பூச்சு இந்த ஒரு விதியாலேயே நின்றுவிட்டது: பஸ் சுவருக்கு முன்னால் இருக்கிறது, அதன் வேகம் 0, அதனால் அது சுவரை எட்டாது, அதன் நிறம் சேராது.

விளிம்பில் மிஞ்சிய கோடு

பூச்சு போனது. பஸ்ஸின் விளிம்பும் வெளியே கரைந்தது. ஆனாலும் 64 துண்டுப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கரைசலின் நடுவே பஸ்ஸின் பழைய விளிம்பு ஒரு கோடாகத் தெரிந்தது. ஓடும்போது கண்ணுக்கு அது பஸ்ஸின்மேல் ஒட்டிய ஒரு சட்டம்போல் படுகிறது. சாம்ப்பிள் எண்ணிக்கையைக் கூட்டினாலும் கோடு போகவில்லை. கூட்டியும் போகாத கோளாறு என்றால் அது எடைக் கணக்கில் இருக்கிறது என்று பொருள். எனவே ரெண்டர்டாக்கில் ஒரு பிக்சலைப் பிடித்து, கையாலேயே கணக்குப் போட்டேன்.

பஸ்ஸின் விளிம்புக்கு வெளியே 6 பிக்சல் தள்ளி ஒரு சுவர்ப் பிக்சல். உண்மையான விடை எளிது. விளிம்பு இருபுறமும் 20 பிக்சல் ஆடுகிறது. 40-இல் 14 பங்கு நேரம் பஸ் இந்தப் பிக்சலை மறைக்கிறது. ஆகவே பஸ்ஸின் பங்கு 14/40, அதாவது 0.35.

2012 முறையில் 15 சாம்ப்பிள், இடைவெளி 2.5 பிக்சல். பஸ்ஸுக்குள் விழுபவை 7.5, 10, 12.5, 15, 17.5 தூரத்தில் உள்ள ஐந்து. தூரம் கூடக்கூட எடை குறையும் கூம்பு வடிவம் என்பதால் எடைகள் 0.625, 0.5, 0.375, 0.25, 0.125. கூட்டினால் 1.875. நடுப்பிக்சலின் எடை, ஒன்றை அதன் வேகத்தால் வகுத்தால் வருவது. அந்த முறையில் வேகம் 0.5-க்குக் கீழே போகாது, ஆக எடை 2. மற்ற பக்கத்துச் சுவர்ச் சாம்ப்பிள்களுக்கு எடை 0, ஏனென்றால் அசையாத சுவர் எங்கும் எட்டாது. பஸ்ஸின் பங்கு 1.875 / 3.875, அதாவது 0.48. வேண்டியது 0.35.

விளிம்புக்கு உள்ளே 6 பிக்சலில் இருக்கும் பஸ் பிக்சலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பஸ்ஸின் சாம்ப்பிள்கள் எல்லாம் ஒன்றையொன்று எட்டுகின்றன, கூம்பு இரண்டு முறையும் அதற்குமேல் தூரத்தால் குறையாத ஒரு உருளை எடையும் சேர்ந்து மொத்தம் 28.3 ஆகிறது. சுவருக்கு அதே 1.875 மட்டும். சுவரின் பங்கு 0.06. உண்மையில் அதுவும் 0.35 ஆக இருக்க வேண்டும். விளிம்பை ஒட்டி இரு பக்கமும் போட்டுப் பார்த்தால், வெளியே பஸ்ஸின் பங்கு 0.64, உள்ளே 0.86. இரண்டும் 0.5-ஐ ஒட்டி வர வேண்டிய இடத்தில் ஒரே பிக்சலில் 0.22 தாண்டுகிறது. அந்தத் தாண்டல்தான் கோடு.

காரணம், கடைசியில் கிடைத்த எடைகளின் கூட்டுத்தொகையாலேயே வகுப்பது. வகுக்கும் தொகை பிக்சலுக்குப் பிக்சல் மாறுகிறது, எனவே 'எத்தனை பங்கு நேரம் மறைத்தது' என்ற பொருளே எடைக்கு இல்லாமல் போகிறது. அந்த முறையை எழுதியவர்கள் துல்லியம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, பார்க்க நம்பும்படி இருக்கும் என்றுதான் சொன்னார்கள். சொன்னபடியே இருக்கிறது. ஆனால் சிவப்பு பஸ், வெளிர்ச் சுவர் என்று நிறம் முரண்படும் இடத்தில் எனக்கு அது போதவில்லை.

எடையை நேரமாக எண்ணுவது

ஜிமெனெஸ் 2014-இல் சிக்ராஃபில் காட்டிய வழி இதைத் திருப்பிப் போடுகிறது. ஒவ்வொரு சாம்ப்பிளும் ஷட்டர் நேரத்தின் ஒரு சம துண்டு. எட்டினால் 1, எட்டாவிட்டால் 0, கூம்பு கிடையாது. வகுப்பது சாம்ப்பிள் எண்ணிக்கையால். எடை கிடைக்காமல் மிஞ்சும் பங்கை நடுப்பிக்சலின் சொந்த நிறம் நிரப்புகிறது. அதன்மேல் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

```glsl
vec3 sum = cC; float w = 1.0, n = 1.0;
for (int i = 0; i < 16; ++i) {
    float t = (float(i) + 0.5 + j) / 8.0 - 1.0;  // j: -0.5 .. 0.5
    ivec2 q = clamp(ivec2(gl_FragCoord.xy + vN * t), ivec2(0), size - 1);
    float d = abs(t) * length(vN);
    float sS = length(velAt(q));
    float front  = clamp(0.5 + (zC - depthAt(q)) * 10.0, 0.0, 1.0);
    float reachC = clamp(sC - d + 1.0, 0.0, 1.0);
    float reachS = clamp(sS - d + 1.0, 0.0, 1.0);
    float a = (1.0 - front) * reachC + front * reachS;
    sum += a * texelFetch(colorTex, q, 0).rgb;
    w += a;
    n += 1.0 - front * (1.0 - reachS) * reachC;
}
vec3 result = (sum + (n - w) * cC) / n;
```

`vN` என்பது டைலில் இருந்து வந்த பெரிய வேகம். `zC`, `sC`, `cC` மூன்றும் நடுப்பிக்சலின் தூரம், வேகம், நிறம். தூரம் மீட்டரில் இருக்க வேண்டும், டெப்த் பஃபரின் 0 முதல் 1 வரையிலான எண்ணை அப்படியே போட்டால் எதுவும் சரியாக வராது. பெருக்கும் 10 என்பது, இரண்டு பரப்புகளும் 5 சென்டிமீட்டருக்குமேல் விலகியிருந்தால் ஒன்று முன்னால் மற்றது பின்னால் என்று முடிவு செய்யச் சொல்கிறது.

அதே பிக்சலில் மறுபடி கணக்கு. 16 சாம்ப்பிள், தூரங்கள் 1.25, 3.75, 6.25 என்று 18.75 வரை இருபுறமும். வெளியே 6 பிக்சலில் இருக்கும் சுவருக்கு, பஸ்ஸுக்குள் விழுபவை 6.25 முதல் 18.75 வரை ஆறு சாம்ப்பிள். ஆறும் எட்டுகின்றன. நடுப்பிக்சலையும் சேர்த்து மொத்தம் 17, பங்கு 6/17, அதாவது 0.353. உள்ளே 6 பிக்சலில் இருக்கும் பஸ் பிக்சலிலும் சுவருக்கு அதே 6/17. வேண்டியது இரண்டிலும் 0.35. விளிம்பை ஒட்டி வெளியே 8/17, உள்ளே 9/17. கோடு போய்விட்டது. 64 துண்டுப் படத்தையும் இதையும் மாற்றி மாற்றிக் காட்டினால், பஸ்ஸின் முன்பக்கத்தில் எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி நான் சேர்த்த வரி. மிச்சத்தை நடுப்பிக்சலின் நிறம் நிரப்பும் என்பது, கேமரா பஸ்ஸைத் தொடரும் காட்சியில் வேறு ஒரு கோளாறைக் கொண்டுவந்தது. ஓடும் சுவரின் பிக்சல் பஸ்ஸின் பக்கம் பார்க்கும் சாம்ப்பிள்கள் எல்லாம் தள்ளுபடி ஆகின்றன. சரிதான், ஆனால் அந்தப் பங்கு முழுவதும் நடுப்பிக்சலின் கூர்மையான நிறத்துக்குப் போகிறது. சுவர் எல்லா இடத்திலும் வழுவழுவென்று கரைந்திருக்க, பஸ்ஸை ஒட்டி 20 பிக்சலுக்கு மட்டும் செங்கல் இடுக்குகள் பளிச்சென்று எழுந்து நின்றன.

இங்கே உண்மை என்னவென்றால், அந்தச் சாம்ப்பிள் இருக்கும் இடத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது, நமக்கு அதன் நிறம் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாத துண்டை எண்ணிக்கையிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டால், தெரியும் பக்கத்துச் சுவரே சராசரியைத் தீர்மானிக்கும். `n`-ஐக் கூட்டும் வரி அதைத்தான் செய்கிறது: சாம்ப்பிள் முன்னால் இருக்கிறது, அது என்னை எட்டாது, ஆனால் நான் அங்கே எட்டுவேன் என்ற மூன்றும் சேர்ந்தால் அந்தத் துண்டை எண்ணாதே. `n - w` எதிர்மறையாகப் போய்விடுமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு சாம்ப்பிளுக்கும் அது `(1 - reachC) * (1 - front * reachS)` என்று சுருங்குகிறது. இரண்டுமே 0-க்குக் கீழே போகாதவை, எனவே பயமில்லை.

சுழலும் மின்விசிறி

பஸ் நேராக ஓடுகிறது. அடுத்த சோதனை நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் மின்விசிறி. இறக்கை நுனிகள் வட்டத்தைத் தாண்டி வெளியே பிதுங்கின. முதலில் வட்டத்தை நேர்கோடாக எடுப்பதால்தான் என்று நினைத்தேன், எண் அதற்கு ஒத்துவரவில்லை. நொடிக்கு 5 சுற்று என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 30 டிகிரி, ஷட்டர் நேரத்தில் 15 டிகிரி. நுனி மையத்திலிருந்து 200 பிக்சலில் இருக்கிறது. 15 டிகிரி வில்லுக்கும் அதன் நாணுக்கும் இடையே அதிகபட்ச விலகல் 1.7 பிக்சல்தான். பிதுக்கமோ 6, 7 பிக்சல் இருந்தது.

காரணம் திசையில். போன ஃப்ரேமின் இடத்திலிருந்து இப்போதைய இடத்துக்குப் போடும் கோடு, 30 டிகிரி வில்லின் நாண். அது இப்போதைய இடத்தின் தொடுகோட்டிலிருந்து 15 டிகிரி விலகியிருக்கும். அந்தக் கோட்டை இப்போதைய இடத்தில் நடுவாக வைத்து 26 பிக்சல் முன்னால் நீட்டினால், நுனி வட்டத்தின் தொடுகோட்டைவிட 6.7 பிக்சல் தள்ளிப் போய் விழும். பார்த்ததும் அதுதான்.

தீர்வு, போன ஃப்ரேமின் மேட்ரிக்ஸைக் கொடுக்காமல், ஷட்டர் திறக்கும் கணத்தின் மேட்ரிக்ஸையும் மூடும் கணத்தின் மேட்ரிக்ஸையும் கொடுப்பது. இப்போதைய கோணத்திலிருந்து 7.5 டிகிரி பின்னே ஒன்று, முன்னே ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட நாண், நடுவில் இருக்கும் இப்போதைய இடத்தின் தொடுகோட்டுக்கு அப்படியே இணை. சுழற்சி வேகம் தெரிந்த சக்கரம், விசிறி போன்றவற்றுக்கு இது செலவே இல்லாத வேலை. வேகம் ஏற்கெனவே ஷட்டர் அளவில் வந்துவிடுவதால், மேலே உள்ள குறியீட்டில் `shutter` பெருக்கத்தை இவற்றுக்கு 1 ஆக்க வேண்டும்.

டைல் சதுரமும் வரிசையும்

டைலுக்கு டைல் பெரிய வேகம் சட்டென்று மாறும் இடத்தில் 40 பிக்சல் சதுரங்கள் தெரிந்தன, முக்கியமாக விசிறியைச் சுற்றி. டைலைப் படிக்கும் இடத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் டைல் அகலத்தில் கால் பங்கு வரை கலைத்துப் படித்தால் சதுரத்தின் ஓரம் பொடிப்பொடியாக உடைந்து மறைகிறது. இதற்கும், மேலே சாம்ப்பிள்களைச் சற்று நகர்த்தும் `j`-க்கும், பிக்சலுக்குப் பிக்சல் தாறுமாறாக மாறும் எண்ணைத் தரும் ஒரே சத்தச் சமன்பாடு போதும்; `j`-க்கு அதிலிருந்து 0.5 கழிக்க வேண்டும். கலைப்புக்கு மட்டும் பிக்சல் இடத்தை வேறொரு எண்ணால் நகர்த்திக் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி ஆடும்.

```glsl
float ign(vec2 p) {
    return fract(52.9829189 * fract(dot(p, vec2(0.06711056, 0.00583715))));
}
```

வரிசையைப் பொறுத்தவரை, ப்ளர் டோன் மேப்பிங்குக்கு முன்னால், எச்டிஆர் நிறத்தில் நடக்க வேண்டும். பின்னால் போட்டால் பஸ்ஸின் முகப்பு விளக்கு ஒளிக்கீற்றாக நீளாமல் சாம்பல் பட்டையாக மங்கிப்போகும். எஃப்எக்ஸ்ஏஏ அதற்கும் பின்னால். அதை முன்னால் வைத்துப் பார்த்தேன்: அது விளிம்பில் பஸ், சுவர் இரண்டின் நிறத்தையும் கலந்துவிடுகிறது, ஆனால் டெப்த் கலக்கவில்லை. சுவர் என்று டெப்த் சொல்லும் பிக்சலில் பாதிச் சிவப்பு ஒட்டிக்கொண்டு, நான் பாடுபட்டு நீக்கிய கோடு ஒரு பிக்சல் அகலத்தில் திரும்பி வந்தது.

கேமரா ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஃப்ரேமில் பழைய மேட்ரிக்ஸைப் புதியதாலேயே நிரப்பிவிட வேண்டும். ஃப்ரேம் தாமதமானால் வேகத்தை உண்மையான இடைவெளியால் வகுத்து 1/60-ஆல் பெருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஃப்ரேம் தடுக்கும்போது திரை முழுதும் ஒரு கணம் குழம்பும்.

செலவு என்றால், மோசமான நிலையில் ஒவ்வொரு பிக்சலும் 16 முறை நிறத்தையும் டெப்த்தையும் வேகத்தையும் படிக்கிறது. வேகத்தின் நீளத்தையும் மீட்டர் தூரத்தையும் முன்கூட்டியே ஒரே `RG16F` படத்தில் சேர்த்து வைத்தால் மூன்று படிப்பு இரண்டாகிறது. லாபம் அதைவிட அதிகம் கிடைத்தது வேறொரு வரியில்: டைலின் பெரிய வேகமே அரை பிக்சலுக்குக் கீழே என்றால் சுழற்சிக்குள் போகாமல் நிறத்தை அப்படியே திருப்பிவிடுவது. கேமரா நிற்கும்போது பஸ்ஸின் டைல்களும் அவற்றைச் சுற்றிய டைல்களும் மட்டுமே வேலை செய்கின்றன.

இன்னும் சரியாகாத இடம், கேமரா மேலே திரும்பிக்கொண்டிருக்கும்போது பஸ் குறுக்கே ஓடும் ஃப்ரேம். பஸ்ஸுக்கு அருகில் உள்ள சுவர் பஸ்ஸின் திசையில் பார்க்கிறது, அதனால் மேலும் கீழும் கரைய வேண்டிய செங்கல் பக்கவாட்டில் கரைகிறது. குவர்ட்டினும் மெக்கைரும் 2014-இல் சொன்னபடி பாதி சாம்ப்பிள்களைப் பிக்சலின் சொந்தத் திசையில் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். சுவர் சரியாகிறது. ஆனால் பஸ்ஸின் பங்கை எண்ணும் சாம்ப்பிள்கள் எட்டாகக் குறைவதால் விளிம்பில் புள்ளிப்புள்ளியாகச் சத்தம் தெரிகிறது. இரண்டு திசையும் உண்மையில் வேறுபடும் பிக்சல்களில் மட்டும் சாம்ப்பிளை 24 ஆக்கிப் பார்ப்பது அடுத்த வேலை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஓடும் பொருள்களை இந்த முறையில் தொடப் போவதில்லை. ஒரு பிக்சலில் ஒரு டெப்த், ஒரு வேகம்தான் எழுத முடியும். கண்ணாடியின் வேகத்தை எழுதினால் உள்ளே இருப்பவர் கரையமாட்டார், உள்ளே இருப்பவரின் வேகத்தை எழுதினால் கண்ணாடியின் அழுக்கும் அவரோடு ஓடும். இப்போதைக்குக் கண்ணாடியை ப்ளர் முடிந்தபின் தனியாக வரைகிறேன்.